படிக்க மட்டும்தானே கேட்டேன்?

ஐரோப்பாவுக்குப் போற லாட். ஃபினிஷ்டு லெதர் பேக்கிங் முடிஞ்சு நிக்குது. பையர் கேட்கிறது ஒரே ஒரு காகிதம், குரோமியம் ஆறு டெஸ்ட் ரிப்போர்ட். அது எங்க கம்பெனி சர்வர்லயே பி.டி.எஃப்பா இருக்கு. எந்த ஃபோல்டர்னும் எனக்குத் தெரியும். திறக்கத்தான் முடியலை. ஆக்சஸ் இல்லையாம்.

இந்த ரிப்போர்ட்டுக்கு ஏன் இவ்வளவு அவசரம்னு ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மத்தவங்களுக்காகச் சொல்றேன். தோல் பதனிடப் போடுறது மூன்றாம் நிலை குரோமியம். சூடும் வெளிச்சமும் பட்டாலோ, போட்ட ஃபேட்லிக்கர் சரியில்லைன்னாலோ, அதுல கொஞ்சம் ஆறாம் நிலைக்கு மாறிடலாம். அது தோலில் ஒவ்வாமையைக் கொண்டுவரும். அதனால 2015 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துல, உடம்புல படுற தோல் பொருள்ல கிலோவுக்கு 3 மில்லிகிராமோ அதுக்கு மேலயோ இருந்தா விற்கக் கூடாது. ரிப்போர்ட் போகாம சரக்கை அனுப்ப எந்த பையர் சம்மதிப்பார்?

சரி, முறையாக் கேட்போம்னு மெயில் போட்டேன். "ஆக்சஸ் வேணும் சார், அர்ஜென்ட்"னு ஒத்தை வரியில முடிக்கலை. இப்படி எழுதினேன்:

"வணக்கம் சார். நான் ஆம்பூர் ஃபினிஷிங் யூனிட்டில் குவாலிட்டி எக்ஸிகியூட்டிவ். `\\FILESRV\Lab\TestReports` ஃபோல்டருக்கு `Read` மட்டும் வேண்டும். ஷிப்மென்டுக்கு முன் குரோமியம் ஆறு ரிப்போர்ட்டை எடுத்து பையருக்கு அனுப்புவது என் வேலை. திருத்தவோ அழிக்கவோ தேவையில்லை. இந்த சீசன் ஷிப்மென்ட் முடியும் வரை போதும். என் மேனேஜரும் லேப் இன்சார்ஜும் சி.சி.யில் இருக்கிறார்கள்."

யார், எந்த ஃபோல்டர், எவ்வளவு உரிமை, எதுக்கு, எத்தனை நாளைக்கு. இதுக்கு மேல ஒரு ஐ.டி. டீமுக்கு என்ன வேணும்? பதில் வந்துச்சு: "ஓனர் அப்ரூவல் தேவை." நியாயமான கேள்விதான், நான் குறை சொல்லலை. ஆனா அந்த ஃபோல்டருக்கு ஓனர் யாரு? பெரியமேட்டு ஹெட் ஆபீஸ்ல இருக்கிற ஐ.டி. சொல்லுது, உங்க மேனேஜர்னு. மேனேஜர் சொல்றார், அது லேப் சமாச்சாரம்னு. லேப் இன்சார்ஜ் சொல்றார், ஃபோல்டரைப் போட்டுக் கொடுத்ததே ஐ.டி.தான், அவங்களையே கேளுங்கன்னு. மூணு பேரும் பொய் சொல்லலை. யாருமே எழுதி வைக்கலை, அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் வந்தது பாருங்க ஒரு யோசனை. அதுதான் என்னைக் குத்துச்சு. "லேப் பாயோட லாகின்ல போய் எடுத்துக்கோங்க சார், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

எல்லாரும் அப்படித்தான்! முறையா எழுதிக் கேட்டவனுக்கு அப்ரூவல் வேணும். அடுத்தவர் பாஸ்வேர்டை வாங்கிக்கிறவனுக்கு ஒண்ணுமே வேணாம். லேப் பாய்கிட்ட இருக்கிறது `Read` இல்லை, `Modify`. ரிப்போர்ட் எழுதுறவருக்கு அது வேணும்தான். ஆனா அதே லாகின்ல நாலு பேர் புழங்கினா, ரிசல்ட் ஷீட்டுல ஒரு 3.4 எப்ப 2.4 ஆச்சு, யார் மாத்தினாங்கன்னு நாளைக்கு ஆடிட்டர் கேட்டா என்ன சொல்வீங்க? சர்வர் பதிவுல லேப் பாய் பேர்தான் இருக்கும். பாவம், அந்த மனுஷன் அன்னிக்கு லீவுல இருந்திருந்தாலும் அவர் பேர்தான். தோல் நல்லதா இல்லையான்னு பையர் நம்புறது அந்த ஷீட்டை வச்சுத்தானே?

கடைசியில மேனேஜரே போன் போட்டார். உடனே ஆச்சு. மெயில்ல நகராதது போன்ல நகர்ந்துச்சு. "கொடுத்தாச்சு சார், டிக்கெட் க்ளோஸ்."

திறந்தா? அதே `Access is denied`.

இதை விவரமாச் சொல்லணும், ஏன்னா இது ஊர்ப்பட்ட ஆபீஸ்ல நடக்குது. ஆக்சஸ் கொடுக்கிறதுன்னா வழக்கமா ஒரு குரூப்ல நம்ம பேரைச் சேர்ப்பாங்க. விண்டோஸ் நாம லாகின் பண்ற நேரத்துல நம்ம குரூப் பட்டியலை எடுத்து வச்சுக்கும். நடுவுல புதுசாச் சேர்த்தா அதுக்குத் தெரியாது. ஸ்கிரீனை லாக் பண்ணித் திறந்தா போதாது. `Sign out` பண்ணிட்டு மறுபடி உள்ளே வரணும். வந்துட்டு கமாண்ட் பிராம்ப்ட்ல இதை அடிங்க:

```
whoami /groups
```

சொன்ன குரூப் பேர் அந்தப் பட்டியல்ல இருந்தா, நம்ம பக்கம் சரி. இல்லைன்னா சேர்க்கவே இல்லைன்னு அர்த்தம், இல்லைன்னா வேற குரூப்ல சேர்த்திருக்காங்க. "ஒரு தடவை சைன் அவுட் பண்ணிட்டு வாங்க"ன்னு டிக்கெட்டை மூடும்போது ஒரு வரி எழுதியிருந்தா என் அரை நாள் மிஞ்சியிருக்கும். ஒரு வரிங்க!

உள்ளே போயாச்சு. பழைய ரிப்போர்ட் எல்லாம் திறக்குது. எனக்கு வேண்டிய அந்த ஒண்ணு மட்டும் திறக்கலை. காரணம் என்ன? லேப்ல அதைத் தங்களோட தனி ஃபோல்டர்ல வச்சிருந்து, அப்புறம் கட் பண்ணி இங்கே பேஸ்ட் பண்ணியிருக்காங்க. ஒரே டிரைவுக்குள்ள கட் பண்ணி நகர்த்தினா ஃபைல் தன்னோட பழைய அனுமதியையே கூட எடுத்துட்டு வந்துடலாம். காப்பி பண்ணினா புது ஃபோல்டரோட அனுமதியை வாங்கிக்கும். ஃபோல்டர் திறந்து ஒரே ஒரு ஃபைல் மட்டும் மறுத்தா முதல்ல சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். லேப் பாய்கிட்ட சொல்லி அதைக் காப்பி பண்ணிப் போடச் சொன்னேன். திறந்துச்சு.

இதெல்லாம் கூட பரவாயில்லை. பொறுத்துக்கலாம். ஆனா ஒரு லெவல் மேல போய்ப் பார்த்தேன். எனக்குக் கொடுத்திருந்தது `TestReports`க்கு `Read` இல்லை. மொத்த `Lab` ஃபோல்டருக்கும் `Full control`. கெமிக்கல் ரெசிபி, சப்ளையர் விலை எல்லாம் என் கைக்கு எட்டுது. நான் கேட்டேனா? வேண்டாம்னு எழுதிக் கொடுத்தேனே! அப்ரூவல் இல்லாம ஒரு பக்கத்தைக் கூடக் காட்ட மாட்டோம்னு நின்னவங்க, ஒரு போன் வந்ததும் அழிக்கிற உரிமை வரைக்கும் தூக்கிக் கொடுத்துட்டாங்க. அந்த ஃபோல்டரோட அனுமதிப் பட்டியலைப் பார்த்தா, வேலையை விட்டு எப்பவோ போனவங்க பேரும் அதுல இன்னும் இருக்கு.

குறைச்சுக் கொடுங்கன்னு மறுபடி மெயில் போட்டிருக்கேன். அதுக்கும் ஓனர் அப்ரூவல் வேணுமாம்.

ஹெட் ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். சர்வர்ல இருக்கிற பெரிய ஃபோல்டர் ஒவ்வொண்ணுக்கும் எதிரே, சரி சொல்ல வேண்டியவர் ஒருத்தர், அவர் இல்லாதப்ப இன்னொருத்தர்னு ரெண்டு பேர் எழுதி எல்லா யூனிட்டுக்கும் அனுப்புங்க. ஒரே ஒரு பக்கம்தான் வரும். அடுத்த ஷிப்மென்டுக்கு முன்னாடி அனுப்புங்க.