ஒரு உருண்டைக்கு 75 கலோரியாம்! எத்தனை கிராம் உருண்டை?



நம் குடும்பக் குரூப்பில் பத்து நாளாக ஒரு பட்டியல் சுற்றுகிறது. எள்ளுருண்டை ஒன்று 75 கலோரி, கடலை மிட்டாய் ஒன்று 120, தேங்காய் பர்பி ஒன்று 190. அதற்குக் கீழே, "பர்பியைத் தொடாதீர்கள், எள்ளுருண்டையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்" என்று ஒரு தீர்ப்பு. நம்மில் பதினேழு பேர் கைதட்டியிருக்கிறீர்கள். அதில் நாலு பேர் என்னிடம் கணக்குப் படித்தவர்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

என் தம்பிக்குச் சர்க்கரை வந்து ஆறு வருஷம். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன் பேக்கரிப் பொட்டலத்தைப் பிரித்து வரிசையாக நாலு எள்ளுருண்டை சாப்பிட்டான். ஏன்டா என்றேன். "அக்கா, நாலும் சேர்ந்தாலே 300 கலோரிதான். வெல்லம்தானே, சீனி இல்லையே. எண்ணெயும் கிடையாது" என்றான்.

மறுநாள் அதே கடையில் மூன்று பண்டத்தையும் வாங்கிவந்து சமையலறைத் தராசில் வைத்தேன். கடலை மிட்டாய் 25 கிராம், எள்ளுருண்டை 30, பர்பி 40. பட்டியலில் இருந்த 75 கலோரி, நம் அம்மா பிடித்த நெல்லிக்காய் அளவு உருண்டைக்குத்தான் பொருந்தும். அது 15 கிராம் இருக்கும். பேக்கரி உருண்டை அதைப் போல இரண்டு மடங்கு. "ஒன்று" என்பது ஒரு அளவா? ஒரு படி அரிசி, ஒரு கிலோ அரிசி என்றால் புரியும். ஒரு பை அரிசி என்றால் என்ன பை என்று கேட்க மாட்டீர்களா?

எண்ணெய் இல்லையாம்! நல்லெண்ணெய் எதிலிருந்து வருகிறது? செக்கில் எள்ளைத்தானே ஆட்டுகிறோம். எள்ளின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். நிலக்கடலையும் அப்படித்தான். கடைக்காரர் ஒரு சொட்டு ஊற்றாவிட்டாலும் அது உள்ளேயே இருக்கிறது.

இப்போது கணக்கைப் போடுவோம். எள் இரண்டு பங்கு, வெல்லம் ஒரு பங்கு என்று வையுங்கள். 30 கிராம் உருண்டையில் 20 கிராம் எள், 10 கிராம் வெல்லம். எள் கிராமுக்கு 5.7 கலோரி, ஆக 114. வெல்லம் கிராமுக்கு 3.8, ஆக 38. மொத்தம் 150 சொச்சம், கொழுப்பு 10 கிராம். வெல்லம் கூடுதலாகப் போட்ட உருண்டை என்றால் கொழுப்பு குறையும், இனிப்பு ஏறும். கலோரி கொஞ்சம்தான் இறங்கும். தம்பி தின்ற நாலுக்கு 600 கலோரி, 40 கிராம் கொழுப்பு, 40 கிராம் வெல்லம். மூன்று பர்பிக்கு மேல்!

கடலை மிட்டாயில் 15 கிராம் கடலை, 10 கிராம் வெல்லம் என்றால் 120 கலோரி, கொழுப்பு 7 கிராம். பர்பிக்கு நான் வீட்டில் செய்யும் அளவையே எடுத்துக்கொண்டேன்: துருவிய தேங்காய் 100 கிராம், சீனி 125, நெய் 10. ஈரம் வற்றியபின் 40 கிராம் துண்டுகள் ஐந்து வரும். துண்டுக்கு 190 கலோரி, கொழுப்பு 9 கிராமுக்குள். அதாவது பேக்கரி எள்ளுருண்டை ஒன்றில் பர்பியைவிடக் கொழுப்பு அதிகம். மூன்றையும் 100 கிராமாக வைத்துப் பார்த்தால் கலோரியிலும் எள்ளுருண்டைதான் முதல், பர்பி கடைசி. பட்டியல் தலைகீழ்!

உடனே பர்பிக் கட்சிக்காரர்கள் துள்ள வேண்டாம். அந்த ஒரு துண்டில் சீனி மட்டும் 25 கிராம். நாள் ஒன்றுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்குச் சேர்க்கும் இனிப்பு 50 கிராமைத் தாண்டக் கூடாது, பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பர்பி இரண்டு சாப்பிட்டால் அன்றைய கணக்கு முடிந்தது. தேங்காய்க் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. எள்ளிலும் கடலையிலும் ஏழில் ஒரு பங்குதான். இந்த விஷயத்தில் எள்ளும் கடலையும் மேல், அதை நான் மறுக்கவில்லை. கடையில் நெய்க்குப் பதில் வனஸ்பதி போட்டாலும், கொப்பரைத் தூள் போட்டாலும் பர்பியின் கணக்கு வேறு. கொப்பரையில் மூன்றில் இரண்டு பங்கு கொழுப்பு.

வெல்லத்தைப் பற்றித் தம்பி சொன்னதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அதுவும் கரும்புச்சாறுதான். அந்த 50 கிராமுக்குள் அதுவும் அடங்கும். நாலு உருண்டையில் அவன் 40 கிராமைத் தொட்டுவிட்டான், காபிக்குப் போட்டது தனி.

பட்டியலைப் போட்ட மாப்பிள்ளையிடம், "எத்தனை கிராமுக்கு?" என்று குரூப்பிலேயே கேட்டேன். கைகூப்பும் படம் ஒன்று வந்தது. தம்பிக்கு என் பழைய தராசைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். நேற்று போன் செய்தான்: "அக்கா, இந்தக் கடையில ஒண்ணு 34 கிராம் இருக்கு!"