மாமாவுக்கு வந்த இரண்டு வரிக் கடிதம்

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாமில் என் மாமாவின் கார் மூழ்கியது. 'காம்ப்ரஹென்சிவ்' காப்புறுதி எடுத்திருந்தும் இழப்பீடு கிடைக்கவில்லை. 'விலக்குப் பிரிவின்படி நிராகரிக்கப்படுகிறது' என்று இரண்டு வரிக் கடிதம்தான் வந்தது.

முடிவில் தவறில்லை. மலேசியாவில் சாதாரண 'காம்ப்ரஹென்சிவ்' காப்புறுதி விபத்து, தீ, திருட்டு ஆகியவற்றுக்கு உரியது. வெள்ளம் அதில் விலக்கப்பட்டிருக்கும். கூடுதல் பிரீமியம் கட்டி 'ஸ்பெஷல் பெரில்ஸ்' சேர்த்தால்தான் பாதுகாப்பு உண்டு. ஒரே இரவில் ஏராளமான கார்கள் மூழ்கிவிடக்கூடும் என்பதால் அதற்குத் தனி விலை.

கடிதம்தான் தவறு. நானாக இருந்தால் இப்படி எழுதியிருப்பேன்:

"உங்கள் கார் வெள்ளநீரால் சேதமடைந்தது என்று ஆய்வறிக்கை கூறுகிறது. உங்கள் காப்புறுதிப் பத்திரத்தின் விலக்குப் பிரிவில் வெள்ளம் இடம்பெற்றுள்ளது. அந்த வாசகத்தை முழுமையாகக் கீழே தந்துள்ளோம். வெள்ளத்துக்கான கூடுதல் பாதுகாப்பை நீங்கள் வாங்கியதாக எங்கள் பதிவில் இல்லை. வாங்கியதற்கான ரசீது இருந்தால் அனுப்புங்கள், மறுபரிசீலனை செய்கிறோம். இம்முடிவை ஏற்காவிட்டால், ஆறு மாதத்திற்குள் நிதித்துறைக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்."

இதனால் மாமாவுக்குப் பணம் கிடைத்திருக்காதுதான். ஆனால் 'என்னை ஏமாற்றிவிட்டார்கள்' என்று மூன்று மாதம் முகவரோடு சண்டை போட்டிருக்க மாட்டார்.