பழைய முகவரியில் நாங்கள் இல்லை



சென்ற மாதம் ஒருநாள் காலையில் கிள்ளானிலிருந்து ஓர் அக்கா தொலைபேசியில் அழைத்தார். ஜாலான் தெங்கு கிளானா பக்கம் குடியிருப்பவர், நம் இதழின் நெடுநாள் வாசகி. "ஆசிரியரே, 2018இல நான் எழுதின கட்டுரையைப் பேத்திக்குக் காட்டலாம்னு லிங்க்கை அழுத்தினா, பக்கமே இல்லைன்னு வருது. எடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். குரலில் கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது. 'பத்துமலைத் தைப்பூசத்தில் என் பாட்டி' என்ற அந்தக் கட்டுரை எனக்கும் நினைவிருக்கிறது.

எடுக்கவில்லை அக்கா, கட்டுரை பத்திரமாக இருக்கிறது என்றேன். உண்மைதான். ஆனால் உங்கள் கையில் இருக்கும் முகவரி அப்போது அங்கே கொண்டுபோய் விடவில்லை. கடந்த சில மாதங்களில் இன்னும் பலருக்கும் இப்படி நேர்ந்திருக்கும். அதனால் நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

நம் அகப்பக்கத்தை இத்தனை ஆண்டுகளாக ஓர் இணையதளக் கட்டமைப்பு நிறுவனத்தின் சேவையில் வைத்திருந்தோம். மாதக் கட்டணம் கட்டினால் போதும். வார்ப்புருவைத் தேர்ந்தெடுத்து, படத்தை இழுத்து வைத்து, எழுத்தை ஒட்டினால் பக்கம் தயார். பிரிக்பீல்ட்ஸில் இரண்டு மேசை போட்டு நடக்கும் நம் அலுவலகத்துக்கு அது பெரிய உதவியாகவே இருந்தது. கட்டணம் ஏறிக்கொண்டே போனதால், சொந்தமாக இடம் பிடித்து வேர்ட்பிரஸ் மென்பொருளுக்கு மாறுவதென்று இந்த ஆண்டு முடிவெடுத்தோம். ஒரு வாரத்து வேலை என்று நினைத்தோம். மூன்று மாதம் ஆயிற்று.

ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சடித்த காலத்தை அறிந்த மூத்த வாசகர்களுக்கு இது எளிதில் புரியும். அச்சகத்தோடு கணக்கை முடித்துக்கொண்டு வேறு அச்சகத்துக்குப் போனால் கைப்பிரதி நம்மோடு வரும். கோத்து வைத்த பக்கம் வராது, அது அச்சகத்தாரின் எழுத்து, அவர்களின் சட்டம். புதிய இடத்தில் முதல் எழுத்திலிருந்து கோக்க வேண்டும். கட்டமைப்புச் சேவைகளிலும் அப்படித்தான். நாம் எழுதியது நம்முடையது என்று ஒப்பந்தத்தில் இருக்கும். அதைப் பக்கமாகக் காட்டும் வடிவமும் மென்பொருளும் அவர்களுடையவை. விக்ஸ் நிறுவனம் தன்னிடம் கட்டிய தளத்தை வேறிடத்துக்கு எடுத்துப்போய் நடத்த முடியாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஸ்குவேர்ஸ்பேஸ் ஒரு கோப்பைத் தரும். அதில் கட்டுரைகளும் சாதாரணப் பக்கங்களும் வரும், விற்பனைப் பொருள் பக்கங்களும் தோற்ற அமைப்பும் வராது. உள்ளே வரும்போது இதையெல்லாம் யாரும் படிப்பதில்லை. நாங்களும் படிக்கவில்லை.

நமக்குக் கிடைத்ததும் ஒரு கோப்புதான். எல்லாக் கட்டுரைகளும் தலைப்பு, தேதி, எழுதியவர் பெயரோடு அதில் இருந்தன. திறந்து பார்த்ததும் நிம்மதி. புதிய தளத்தில் ஏற்றினோம், படங்களும் அழகாகத் தெரிந்தன. வேலை முடிந்தது என்றே எண்ணினோம்.

நம் அலுவலகத்தில் உதவிக்கு வரும் கல்லூரித் தம்பி ஒருவர்தான் சந்தேகப்பட்டார். ஒரு படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி, அதை மட்டும் தனித் தாவலில் திறந்து, மேலே தெரிந்த முகவரியைக் காட்டினார். பழைய நிறுவனத்தின் முகவரி! படம் நம்மிடம் வரவே இல்லை. கோப்பில் இருந்தது படம் அல்ல, படம் இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே. நம் பக்கம் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அவர்கள் கணினியிலிருந்து படத்தைக் கடன் வாங்கிக் காட்டிக்கொண்டிருந்தது. அன்றே பழைய கணக்கை மூடியிருந்தால் சில நாளில் எல்லாப் படங்களும் வெற்றுக் கட்டங்களாகியிருக்கும். வேர்ட்பிரஸ் தரும் ஏற்றுமதிக் கோப்பிலும் படங்கள் இதே முறையில்தான் இருக்கும். ஏற்றும்போது இணைப்புகளையும் இறக்கிக்கொள் என்ற கட்டத்தைக் குறியிட்டால், புதிய தளம் பழைய தளத்துக்குப் போய் ஒவ்வொன்றாக எடுத்து வரும். அதற்குப் பழைய தளம் உயிரோடு இருக்க வேண்டும். மாறிப்போன பிறகும் ஒரு மாதக் கட்டணம் கூடுதலாகக் கட்டுவது வீண்செலவு அல்ல.

அதோடும் முடியவில்லை. இறக்கிய படங்கள் சிறியவை. முகவரியின் நடுவே `w_740,h_493` என்று இருந்ததை அந்தத் தம்பி காட்டினார். 740 புள்ளி அகலத்துக்குச் சுருக்கிய பிரதி அது, திரைக்குப் போதும். அச்சில் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பதால், அந்தப் படம் நம் இதழில் ஆறு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான அகலத்தில்தான் தெளிவாக வரும். மூலப் படங்களைப் பழைய சேவையின் படக்கிடங்கிலிருந்து தனியாக எடுத்தோம். அங்கேயும் இல்லாதவை சில உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது அக்காவின் கேள்விக்கு வருகிறேன். கட்டுரை வந்துவிட்டது, படமும் வந்துவிட்டது, முகவரி ஏன் வரவில்லை?

ஒவ்வொரு சேவையும் பக்கத்தின் முகவரியைத் தன் பாணியில் அமைக்கிறது. பழைய தளத்தில் `/post/` என்று தொடங்கிக் கட்டுரைத் தலைப்பு வந்தது. புதிய தளத்தில் ஆண்டும் மாதமும் முன்னே வருகின்றன. இது தெரிந்ததுதான், பழைய முகவரியில் உள்ள தலைப்பைக் கொண்டு புதிய பக்கத்துக்குத் திருப்பிவிடும் ஒரு பொது விதியை எழுதியிருந்தோம். ஆங்கிலத் தலைப்பில் இருந்த பக்கங்கள் எல்லாம் சரியாகத் திறந்தன. தமிழ்த் தலைப்புகளில் நீளமானவை மட்டும் திறக்கவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. இணைய முகவரிக்குள் தமிழ் எழுத்து அப்படியே பயணம் செய்வதில்லை, குறிகளாக மாறுகிறது. 'தை' என்ற ஓர் எழுத்து உள்ளே இப்படி இருக்கும்:

```
%E0%AE%A4%E0%AF%88
```

முதல் ஒன்பது குறி 'த', அடுத்த ஒன்பது அதன் ஐகாரக் கொம்பு. மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளிக்கும் தனியாக ஒன்பது. வேர்ட்பிரஸ் ஒரு கட்டுரையின் முகவரிப் பெயருக்கு ஒதுக்கியிருப்பது 200 குறி. ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழுக்கு, கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணினால், 22 மட்டுமே. அக்காவின் தலைப்பை எண்ணிப் பார்த்தேன். 'பத்துமலைத்' பத்து, 'தைப்பூசத்தில்' பதின்மூன்று. இருபத்திரண்டாவதோடு கத்தரி விழுந்திருக்கிறது. 'ல்' மேலிருந்த புள்ளி போய், 'பத்துமலைத்-தைப்பூசத்தில' என்று புதிய முகவரி நின்றுவிட்டது. பாட்டி வெளியே விழுந்துவிட்டார். அக்கா அழுத்திய முகவரியிலோ முழுத் தலைப்பும் இருக்கிறது. இரண்டும் பொருந்தவில்லை, அதனால் 'பக்கம் இல்லை'.

இது அந்த மென்பொருளின் பிழையல்ல. மாறுவதற்கு முன்பே நாங்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு நீண்ட தமிழ்த் தலைப்புக்கும் கையால் ஒரு சிறு முகவரி கொடுத்து, பழைய முழு முகவரிக்கு வருபவரை அங்கே நிரந்தரமாகத் திருப்பிவிட்டுக்கொண்டிருக்கிறோம். ஒரு விரிதாளில் இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது. தினமும் மாலையில் ஒரு மணி நேரம் அந்த வேலை நடக்கிறது.

இந்தத் திருத்தத்தையாவது செய்ய முடிவதற்கு ஒரே காரணம், நம் இதழின் தளப்பெயர் தொடக்கத்திலிருந்தே நம் பெயரில் பதிவாகியிருப்பதுதான். பழைய முகவரிக்கு வருபவர்கள் நம் வாசலுக்குத்தான் வருகிறார்கள், வழிகாட்ட முடிகிறது. சேவை நிறுவனத்தின் பெயரை ஒட்டிய இலவச முகவரியில் இருந்திருந்தால் எதுவுமே செய்திருக்க முடியாது.

அப்படி நடந்ததை நம் பக்கத்துக் கடைகளில் பார்த்தோம். கூகுள் நிறுவனம் சிறு வணிகர்களுக்கு `business.site` என்று முடியும் இலவசப் பக்கங்களைக் கொடுத்துவந்தது. 2024 மார்ச்சில் அவற்றை நிறுத்தியது. அந்த முகவரிக்கு வந்தவர்களை அவ்வாண்டு ஜூன் 10 வரை மட்டும் கடையின் கூகுள் விவரப்பக்கத்துக்குத் திருப்பிவிட்டது. அதன்பின் அந்த முகவரிகள் எங்கும் போகவில்லை. வேறு சேவையில் புதிதாகக் கட்டிக்கொள்ளுங்கள் என்பதே வணிகர்களுக்குக் கிடைத்த ஆலோசனை. நம் தெருவில் ஒரு பூக்கடையின் பெயர்ப்பலகையில் அந்த முகவரி இன்னும் அழியாமல் இருக்கிறது. மாலைக்குச் சொல்லிவைக்க யாராவது அதைத் தட்டினால் கடை மூடிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். கடையோ காலை ஆறு மணிக்கே திறந்துவிடுகிறது.

சட்டம் கைகொடுக்காதா என்று ஒரு வாசகர் கேட்டார். நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2024இல் வந்த திருத்தத்தின்படி, ஒருவர் தன்னைப் பற்றிய தரவை ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரச் சொல்லலாம். 2025 ஜூன் முதல் இது நடப்பில் உள்ளது. ஆனால் அது உங்கள் பெயர், எண் போன்ற தனிநபர் தரவைப் பற்றியது. கட்டுரையும் பக்க வடிவமும் அதில் சேராது.

கடையோ, கோயில் நிர்வாகமோ, தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கமோ, அகப்பக்கம் வைத்திருப்பவர்களை நான் கேட்டுக்கொள்வது இரண்டே காரியம். உங்கள் தளப்பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். தளம் அமைத்துக் கொடுத்த தம்பியின் பெயரிலோ சேவை நிறுவனத்தின் பொறுப்பிலோ இருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்து, தளத்தில் ஏற்றும் ஒவ்வொரு படத்தின் மூலத்தையும் எழுத்தையும் உங்கள் கணினியிலும் ஒரு பிரதி வையுங்கள். ஏற்றியதும் மூலத்தை அழித்துவிடும் பழக்கம் எங்களுக்கு இருந்தது. அதன் விலையை இப்போது கொடுக்கிறோம்.

அக்காவின் கட்டுரை இப்போது பழைய முகவரியிலேயே திறக்கிறது, பேத்தி படித்துவிட்டதாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். ஆனால் அந்தக் கட்டுரையோடு வந்த பாட்டியின் காவடிப் படம் உட்பட, 2018, 2019 ஆண்டுகளின் சில படங்களுக்கு நம்மிடம் மூலம் இல்லை. அந்த நாள்களில் நம் இதழுக்குப் படம் அனுப்பியவர்கள், உங்கள் பழைய கைத்தொலைபேசியிலோ ஆல்பத்திலோ அவை இருக்கின்றனவா என்று தயவுசெய்து தேடிப் பாருங்கள். வாட்சப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், மின்னஞ்சலில் இணைத்து அனுப்புங்கள். அச்சுப் படமாக இருந்தால் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்துக்கே கொண்டு வாருங்கள். உங்கள் கண்ணெதிரே வருடி எடுத்துக்கொண்டு, படத்தை உங்கள் கையிலேயே திருப்பித் தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்