உங்கள் இன்பாக்ஸ் நிரம்பிவிட்டது ஐயா!

முன்பின் தெரியாதவருக்கு அனுப்பும் விற்பனை ஈமெயில் பற்றி என் கருத்து இதுதான். அதைப் படிக்கிறவர் நம்மிடம் ஒன்றுமே வாங்காமல் போனாலும் அவருக்கு ஏதாவது லாபம் இருக்கணும். இல்லையென்றால் அது எவ்வளவு மரியாதையாக எழுதினாலும் தொல்லைதான்.

நம்ம வகுப்பு நண்பன் ஒருத்தன் சின்னச் சின்ன கம்பெனிகளுக்கு வெப்சைட் பராமரித்துக் கொடுக்கிறான். கரூர் பக்கம் படுக்கை விரிப்பு, திரைச்சீலை ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு எழுதலாம் என்று ஒரு மெயில் தயார் பண்ணிக் காட்டினான். "நாங்கள் தரமான சேவை வழங்குகிறோம், பத்து நிமிடம் பேச நேரம் ஒதுக்க முடியுமா?" இதை கரூருக்கும் அனுப்பலாம், கனடாவுக்கும் அனுப்பலாம். பெயரை மட்டும் மாற்றினால் போதும். அங்கேதான் கோளாறு :-)

அப்புறம் ஒரு கம்பெனியின் தளத்தை உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தோம். "விசாரணைக்கு" என்று ஒரு படிவம். அதில் அவன் தன் மெயில் முகவரியைக் கொடுத்து, "படிவம் வேலை செய்கிறதா என்று பார்க்கிறேன்" என்று எழுதி அனுப்பினான். (ஐந்நூறு விரிப்பு வேண்டும் என்று பொய் ஆர்டர் போட்டுச் சோதிக்கிற ஆட்களும் உண்டு. உதவி செய்ய வந்தவன் பொய்யோடு வரக்கூடாது.) திரையில் "நன்றி" என்று வந்தது. இரண்டு நிமிடத்தில் அவன் மெயிலுக்கு ஒரு நோட்டீசும் வந்தது: `Mailbox full`. அந்தத் தளத்தில், படிவத்தை நிரப்புகிறவரின் முகவரியையே அனுப்புநராகப் போட்டிருக்கிறார்கள். அதனால் திரும்பி வரும் மெயில் முதலாளிக்குப் போகாமல் விசாரிக்கிறவருக்கே போகிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர் விலை கேட்டு எழுதினாலும் இவருக்குத் தெரியவே தெரியாது!

இப்போது சொல்வதற்கு ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. மெயில் இப்படி ஆனது:

"வணக்கம் ஐயா. இன்று காலை உங்கள் தளத்தின் விசாரணைப் படிவத்தைச் சோதித்தேன். அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது என்று திரும்பி வந்தது, அந்த நோட்டீசைக் கீழே இணைத்திருக்கிறேன். நீங்களே ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். ஹோஸ்டிங் கணக்கில் நுழைந்து பழைய மெயில்களை அழித்தால், அல்லது அந்தப் பெட்டியின் அளவைக் கூட்டினால் சரியாகிவிடும். செலவு இல்லாமலேகூட முடியலாம். நான் இதுபோன்ற தளங்களைப் பராமரிக்கிறேன். தேவைப்பட்டால் பதில் எழுதுங்கள், வேண்டாமென்றால் விட்டுவிடலாம்."

கீழே பெயர், விலாசம், போன் நம்பர். அவ்வளவுதான். தலைப்பு: "உங்கள் விசாரணைப் படிவம் மெயில் அனுப்பவில்லை". பழைய பேச்சுவார்த்தை மாதிரி நடித்து முன்னால் `Re:` போடுகிற தந்திரம் இதற்குத் தேவையே இல்லை.

ஒரு சின்ன விஷயம் கவனித்தீர்களா? இதை நிரம்பிய பெட்டிக்கே அனுப்பினால் இதுவும் திரும்பி வந்துவிடும். ஹிஹி. பக்கத்தின் அடியில் இருந்த இன்னொரு முகவரிக்கு அனுப்பினான்.

"தீர்வையும் சொல்லிட்டா அப்புறம் எதை விக்கிறது?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் அவன் விற்பது அஞ்சல் பெட்டியைச் சுத்தம் செய்வதை அல்லவே, மாதாமாதம் தளத்தைக் கவனித்துக்கொள்வதை. "உங்கள் தளத்தில் பெரிய பிழை இருக்கிறது, கூப்பிட்டால் சொல்கிறேன்" என்று எழுதினால் மிரட்டல் கடிதம் மாதிரி இருக்கும். இப்படியே பயமுறுத்திக் காசு கேட்கிற மெயில்கள் உலகம் முழுக்கச் சுற்றுகின்றன. அந்தக் கூட்டத்தில் நம்மையும் சேர்த்துவிடுவார்கள்.

இதில் ஒரு எல்லையும் இருக்கிறது. ஒரு கம்பெனியைப் பார்த்து எழுத அரை மணி நேரம் ஆகிறது. ஒரு நாளைக்கு நாலைந்துக்கு மேல் முடியாது. தேடியும் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அந்தக் கம்பெனிக்கு எழுதாமல் விடுவதே சரி என்பேன். ஆயிரக்கணக்கில் அனுப்புவதற்கு இப்போது வேறு தடைகளும் உண்டு. ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புகிறவர்கள், ஸ்பாம் என்று புகார் வரும் விகிதத்தை 0.3 சதவீதத்துக்குக் கீழே வைக்கணும் என்று கூகுள் 2024 பிப்ரவரியில் விதி கொண்டுவந்தது. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு எழுதினால், அங்கே 2003-இல் வந்த சட்டப்படி அஞ்சல் விலாசமும், "இனி வேண்டாம்" என்று சொல்ல ஒரு வழியும் மெயிலில் இருக்கணும். ஒரே ஒரு விளம்பர மெயில் என்றாலும் அப்படித்தான்.

பதில் வராவிட்டால்? ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை எழுதலாம், அதுவும் சொல்ல ஏதாவது புதிதாக இருந்தால். படிவத்தை மறுபடி சோதித்து "இன்றும் திரும்பி வருகிறது" என்று சொல்வது புதிய தகவல். "என் முந்தைய மெயிலைப் பார்த்தீர்களா?" என்பது தகவல் இல்லை. மறுபடி சோதித்தபோது நோட்டீஸ் வராவிட்டால் பெட்டியைச் சரி செய்துவிட்டார்கள் என்று பெரும்பாலும் அர்த்தம். நண்பனுக்கு ஆறாவது நாள் அதுதான் நடந்தது. பதில் ஒரு வரிகூட இல்லை. இரண்டாவது மெயிலை அவன் அனுப்பவில்லை.