இரவில் அடிக்கடி எழுவது வயதினால்தானா?

கேள்வி: எனக்கு வயது 54. அரை நாள் களையெடுத்தாலே சோர்ந்துவிடுகிறேன். இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகிறேன். வயதாகிவிட்டது என்கிறார்கள். அப்படித்தானா?

பதில்: வயதான ஆண்களுக்குப் புரோஸ்டேட் சுரப்பி வீங்கினாலும் இப்படி எழ வேண்டிவரும். ஆனால், அப்போது பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் கொஞ்சமாக, தடைப்பட்டுத்தான் போகும். உங்களுக்கு நிறையப் போகிறதா? தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லையா? அப்படியானால் சர்க்கரையைச் சந்தேகியுங்கள்.

100 மில்லி ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால், சிறுநீரகத்தால் அதைப் பிடித்து வைக்க முடியாது. வெளியேறும் சர்க்கரை தண்ணீரையும் இழுத்துச் செல்கிறது. அதனால்தான் தாகம். அடியுரம் இருந்தும் வேர் எடுக்காத பயிர் வாடுவதுபோல, ரத்தத்தில் சர்க்கரை இருந்தும் தசைக்குச் சரியாகச் சேராததால் சோர்வு வருகிறது, எடையும் குறையலாம்.

இரவு உணவுக்குப் பிறகு 8 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடாமல், காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். 126 அல்லது அதற்கு மேல் இருந்தால், இன்னொரு நாளும் பரிசோதித்து மருத்துவர் உறுதிசெய்வார். 100 முதல் 125 வரை என்றால் அது எல்லைக்கோடு. அதையும் அவரிடம் காட்டுங்கள். தாகத்தோடு வாந்தியோ மூச்சுவாங்கலோ இருந்தால் காலைவரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.