அலகும் வயதும் இல்லாத எண்: எங்கள் நிலைப்பாடு

"கிரியாட்டினின் 1.1. நார்மலா?" இப்படி ஒரு பெயரும் ஒரு எண்ணுமாக எங்கள் வாட்ஸ்அப்புக்கு வரும் கேள்விகளுக்கு, அந்த எண்ணை மட்டும் வைத்து இனி 'நார்மல்' என்றோ 'அதிகம்' என்றோ பதில் சொல்வதில்லை என்று மருத்துவர்களும் செவிலியர்களும் லேப் டெக்னீஷியன்களும் சேர்ந்த எங்கள் அமைப்பு முடிவு செய்திருக்கிறது. வயது, ஆணா பெண்ணா, அலகு, லேப் அச்சிட்ட இயல்பு வரம்பு ஆகியவை தெரிந்த பிறகே விளக்குவோம். விதிவிலக்கு ஒன்று உண்டு. அதைப் பின்னால் சொல்கிறோம். கேட்பவர் ஒரு வரியில் பதிலை எதிர்பார்க்கும்போது நாங்கள் திருப்பிக் கேள்வி கேட்பது தட்டிக்கழிப்பதாகத் தோன்றக்கூடும். அது ஏன் அப்படியில்லை என்பதற்கு இந்த 1.1-ஐயே எடுத்துக்கொள்வோம்.

கிரியாட்டினின் என்பது தசைகள் அன்றாடம் உண்டாக்கும் கழிவு. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றுகிறது. எனவே ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: தசை எவ்வளவு உற்பத்தி செய்கிறது, சிறுநீரகம் எவ்வளவு வெளியேற்றுகிறது. நாம் அறிய விரும்புவது இரண்டாவதை. ஆனால் முதலாவது தெரியாமல் அதைக் கண்டுபிடிக்க முடியாது. வயதும் பாலினமும் கேட்கிறோம் என்றால், தசையின் அளவை ஓரளவு ஊகிக்கத்தான்.

இந்த 1.1 (டெசிலிட்டருக்கு மில்லிகிராம்) 25 வயது இளைஞருடையது என்று வைத்துக்கொள்வோம். இன்று பரவலாகப் பயன்படும் 2021-ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் போட்டால் அவருடைய சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுமார் 95 மில்லிலிட்டர் வடிகட்டுகிறது. கவலைப்பட ஒன்றுமில்லை. அதே 1.1 எழுபது வயதுப் பாட்டியுடையது என்றால் கணக்கு 54-க்கு இறங்கிவிடுகிறது. அவர் உடலில் தசை குறைவு, உற்பத்தியாகும் கிரியாட்டினினும் குறைவு. அப்படியிருந்தும் ரத்தத்தில் 1.1 தேங்கி நிற்கிறது என்றால் வடிகட்டுதல் மந்தமாகியிருக்கிறது என்று பொருள். 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து அந்தப் பெயரைச் சூட்ட முடியாது. பழைய ரிப்போர்ட் இருக்கிறதா என்று பார்த்து, பரிசோதனையைத் திரும்பச் செய்து, சிறுநீரில் ஆல்புமின் போகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இனி, அதே 1.1 நான்கு வயதுக் குழந்தையுடையது என்றால்? குழந்தைகளுக்கான சூத்திரம் எளியது: சென்டிமீட்டரில் உயரத்தை 0.413-ஆல் பெருக்கி, கிரியாட்டினினால் வகுக்க வேண்டும். குழந்தையின் உயரம் 100 சென்டிமீட்டர் என்றால் விடை 38-க்குச் சற்றுக் கீழே வருகிறது. அந்த வயதில் கிரியாட்டினின் வழக்கமாக 0.5-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோதான் இருக்கும். அதாவது இந்தக் குழந்தையை அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தும். கர்ப்ப காலத்தில் சிறுநீரகம் கூடுதலாக வடிகட்டுவதால் கிரியாட்டினின் இறங்கி நிற்க வேண்டும், அங்கே 1.1 என்பது நல்ல செய்தி அல்ல.

பாட்டிக்கு 'நார்மல்' என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பதும் எங்களுக்குத் தெரியும். மூட்டு வலிக்காகப் பக்கத்து மருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிடும் டைக்ளோஃபினாக் தொடரும். சிறுநீரகத்துக்கு ரத்தம் போவதை அந்த வகை மாத்திரைகள் குறைக்கின்றன. ஏற்கெனவே 54-இல் இருப்பவருக்கு அது இன்னும் கீழே தள்ளும் விஷயம். தவறான ஆறுதல் ஒருவரை மருத்துவரிடம் போகவிடாமல் தடுக்கிறது என்பதால்தான், பதில் சொல்லாமல் இருப்பதைவிட அது கெட்டது என்கிறோம்.

"லேப்பே வரம்பு போட்டிருக்கிறதே, அதைப் பார்த்தால் போதாதா?" என்று கேட்கிறார்கள். போதாது. பல லேப்களின் ரிப்போர்ட்டில் கிரியாட்டினினுக்கு நேரே 0.6 முதல் 1.2 வரை என்பதுபோல் பெரியவர்களுக்கான ஒரே வரம்புதான் அச்சாகிறது. நான்கு வயதுக் குழந்தையின் 1.1 அந்த வரம்புக்குள் அடங்கிவிடுவதால் தடித்த எழுத்தோ நட்சத்திரக் குறியோ விழாது. பெற்றோரும் நிம்மதியாக ஃபைலை மூடிவிடுவார்கள். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. வரம்பு என்பது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் நடுவில் உள்ள 95 சதவீதத்தினரின் அளவு. நோயே இல்லாத இருபது பேரில் ஒருவர் அதற்கு வெளியே நிற்பார். நட்சத்திரம் விழுந்ததாலேயே நோய் என்றாகாது. ஆகவே வரம்பு எங்களுக்கு வேண்டும், ஆனால் வயதோடு சேர்த்து வேண்டும்.

அலகு விஷயத்தில் நிலைமை கொஞ்சம் மேல் என்பதை ஒப்புக்கொள்கிறோம். சிங்கப்பூரில் இருக்கும் மகன் தன் ரிப்போர்ட்டிலிருந்து "கிரியாட்டினின் 97" என்று அனுப்பினால், அது லிட்டருக்கு மைக்ரோமோல் கணக்கு என்று அனுபவசாலிக்குத் தெரியும். 88.4-ஆல் வகுத்தால் நம் ஊர்க் கணக்கில் 1.1. ஆனால் எண்ணின் பருமன் எப்போதும் காட்டிக்கொடுக்காது. "சுகர் 6.5" என்று வரும் செய்தியைப் பாருங்கள். அது மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி 6.5 சதவீதம் என்றால் நீரிழிவின் வாசல். வெறும் வயிற்றில் எடுத்த குளுக்கோஸ் லிட்டருக்கு 6.5 மில்லிமோல் என்றால் நம் கணக்கில் 117. அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. இரண்டும் நம்பத்தகுந்த எண்கள், இரண்டையும் மக்கள் 'சுகர்' என்றே சொல்கிறார்கள். எனவே எங்கள் உறுப்பினர் அலகை ஊகித்தால், "இந்த அலகு என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன், சரியா பாருங்கள்" என்று வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். வயதை ஊகிக்க அனுமதியே இல்லை. எந்த எண்ணிலும் வயது எழுதியிருப்பதில்லை.

விதிவிலக்கு இது. எந்த அலகாக, எந்த வயதாக எடுத்துக்கொண்டாலும் ஓர் எண் ஆபத்தைக் காட்டுமானால், விவரம் கேட்டுக் காத்திருக்கக் கூடாது. "பொட்டாசியம் 6.8" என்று வந்தால் மில்லிமோல் என்றாலும் மில்லி ஈக்விவலன்ட் என்றாலும் எண் மாறாது. ரத்தம் எடுக்கும்போதோ கொண்டுபோகும்போதோ அணுக்கள் உடைந்து பொய்யாகக் கூடியிருக்கலாம்தான். அதை மருத்துவமனையில் ஈசிஜி எடுத்து, ரத்தத்தை மறுபடி சோதித்துத் தெரிந்துகொள்ளட்டும். இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடிய அளவு அது, ஆகவே எங்கள் முதல் வரி "உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்" என்பதாகவே இருக்கும். எண் எதுவானாலும் மூச்சுத் திணறல், சிறுநீர் நின்றுபோதல், மயக்கம் என்று சேர்த்து எழுதியிருந்தாலும் இதே பதில்தான்.

கேட்பவர்களிடம் நாங்கள் வேண்டுவது, எண்ணைத் தட்டச்சு செய்யாமல் ரிப்போர்ட்டின் முழுப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புவதே. பெயரையும் தொலைபேசி எண்ணையும் விரலால் மறைத்துக்கொள்ளலாம். வயது, பாலினம், தேதி, அலகு, வரம்பு தெரிய வேண்டும். குழந்தை என்றால் உயரத்தையும், பெண் என்றால் கர்ப்பமா என்பதையும், யாராக இருந்தாலும் சாப்பிடும் மாத்திரைகளையும் ஒரு வரியில் எழுதுங்கள்.

லேப்களுக்கும் எங்கள் கோரிக்கை உண்டு. அலகில்லாத எண்களைக் குறுஞ்செய்தியில் அனுப்பும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். பதிவின்போது கேட்டு வாங்கும் வயதை, வரம்பைத் தேர்ந்தெடுக்கவும் பயன்படுத்த வேண்டும். பெரியவர்களின் கிரியாட்டினினுக்குக் கீழே வடிகட்டும் வேகத்தையும் கணக்கிட்டு அச்சிட வேண்டும். அதற்குத் தேவையான வயதும் பாலினமும் அவர்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன.