கடைசி ஐந்து ஆட்டச் சராசரி எனும் ஏமாற்று

"கடைசி அஞ்சு மட்ச்சில சராசரி 26. லைன் 23.5 தானே, கண்ணை மூடிக்கொண்டு ஓவர் எண்டு போடு." என்.பி.ஏ. கூடைப்பந்தில் ஒரு வீரர் எத்தனை புள்ளிகள் எடுப்பார் என்ற பந்தயம் இப்படித்தான் விற்கப்படுகிறது. இதைக் கணிப்பு என்று சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை.

புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன? களத்தில் நிற்கும் நிமிடங்கள் முதலாவது. அணிக்கு ஓர் ஆட்டத்தில் எத்தனை தடவை பந்து கிடைக்கிறது என்பது வேகம், அதாவது பேஸ். அதில் எத்தனை வீதம் இவருடைய கையில் முடிகிறது என்பது யூசேஜ். அப்படி முடியும் ஒவ்வொரு தடவைக்கும் சராசரியாக எத்தனை புள்ளி என்பது கடைசி.

ஒரு கற்பனை வீரரை எடுப்போம். வழமையாக 34 நிமிடம், யூசேஜ் 28 வீதம், பேஸ் 100, தடவைக்கு 1.1 புள்ளி. 48 நிமிட ஆட்டத்தில் 34 நிமிடம் என்றால் அவர் நிற்கும்போது அணிக்குப் பந்து கிடைப்பது சுமார் 71 தடவை. அதில் 28 வீதம் கிட்டத்தட்ட 20. ஆக, 21.8 புள்ளி.

அப்ப அந்த 26 எப்படி வந்தது? சக நட்சத்திரம் காயத்தில் இருந்த அந்த ஐந்து ஆட்டங்களிலும் இவர் 38 நிமிடம் ஆடினார், யூசேஜ் 30 ஆனது. கணக்குப் போட்டால் சுமார் 26 வருகிறது. இவர் திடீரென்று திறமைசாலியாகவில்லை. காயப்பட்டவர் இன்று திரும்பினால் அந்தச் சராசரிக்கு ஒரு பெறுமதியும் இல்லை.

"எதிரணி வேகமாக ஆடும்" என்பது இன்னொரு விற்பனை வாசகம். பேஸ் 100இலிருந்து 104 ஆனாலும் கூடுவது ஒரு புள்ளிக்கும் குறைவு. நாலு நிமிடம் கூடினால் இரண்டரைப் புள்ளி கூடும்.

சரி, 21.8 என்றால் அண்டர் போடலாமா? ஒருவரின் புள்ளிகள் ஆட்டத்துக்கு ஆட்டம் ஏழு வரை ஏறி இறங்கும் என்று வைத்தால், லைனுக்குக் கீழே நிற்க வாய்ப்பு ஏறத்தாழ 60 வீதம். வழமையான விலையில் 110 டொலர் வைத்தால்தான் 100 டொலர் லாபம். கைநட்டமில்லாமல் தப்பவே 52.4 வீதம் வேண்டும். இப்போது பயிற்சியாளர் அவரை 36 நிமிடம் நிறுத்தினால்? கணிப்பு 23.1 ஆகிறது, வாய்ப்பு 52 வீதத்தருகே விழுகிறது. இரண்டே நிமிடத்தில் எங்கள் மேலதிகம் எல்லாம் போய்விட்டது. காய அறிக்கை வந்தவுடன் லைனும் நகர்ந்துவிடும்.

நிமிடம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ரொறன்ரோ ராப்டர்ஸ் வீரர் ஜோன்டே போர்ட்டரே சாட்சி. 2024 மார்ச் 20 அன்று சுகமில்லை என்று சொல்லி மூன்று நிமிடத்தில் வெளியேறினார். அவரது அண்டர்களின் மீது வைக்கப்பட்டிருந்த 80,000 டொலர் பந்தயம் வென்றிருந்தால் 11 லட்சம் டொலர். நிறுவனம் அதை முடக்கியது, ஏப்ரலில் என்.பி.ஏ. அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது. அவர் ஒரு பந்தையும் வேண்டுமென்று தவறவிடத் தேவையிருக்கவில்லை. நிமிடத்தைக் குறைத்தாலே போதும்.

ஆகவே "இன்றைக்கு எத்தனை நிமிடம், ஏன்?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் சராசரியை மட்டும் நீட்டுபவர் கணிக்கவில்லை. உங்கள் காசில் ஊகம் செய்கிறார்.